செம்மரமும் பீடி இலையும்: பேராசை–மனக்குறை வாதத்தின் பிழை

உள்நாட்டுப் போர் ஏன் மூள்கிறது என்று கேட்டால், மோதல் ஆய்வியல் வகுப்பில் மாணவர் கையில் இரண்டு பெட்டிகள் தரப்படுகின்றன. ஒன்றில் ‘பேராசை’ என்றும் மற்றதில் ‘மனக்குறை’ என்றும் எழுதியிருக்கும். தமக்கு ஒதுக்கப்பட்ட நாட்டை ஏதேனும் ஒன்றுக்குள் இட்டு, கடைசிப் பத்தியில் ‘இரண்டும் கலந்ததே உண்மை’ என்று முடித்துவிட்டால் மதிப்பெண் உறுதி. இந்தப் பயிற்சி மாணவரை ஏமாற்றுகிறது. அதைக் காட்டுவதற்குச் சியரா லியோனின் வைரச் சுரங்கம் வரை போக வேண்டியதில்லை. திருப்பதி மலையடிவாரமே போதும்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்ல வேண்டும். பால் கோலியரும் அங்கே ஹோஃப்ளரும் 1960 முதல் 1999 வரையிலான உள்நாட்டுப் போர்களை எடுத்துக்கொண்டு, எந்த நாட்டில் எந்த ஐந்தாண்டுக் காலத்தில் போர் தொடங்கியது என்பதைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தனர். 2004இல் வெளிவந்த அவர்களது கட்டுரையின் சாரம் இது: குறைகள் எல்லா நாட்டிலும் உண்டு, போர் எல்லா நாட்டிலும் இல்லை, ஆகவே குறையைக் கொண்டு போரை விளக்க முடியாது. கலகம் நடத்தப் பணமும் ஆளும் மறைவிடமும் வேண்டும். அவை மலிவாகக் கிடைக்கும் இடத்தில் போர் மூளும். மூலப்பொருள் ஏற்றுமதி நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்கும்போது ஆபத்து உச்சம் தொடுகிறது என்பது அவர்களது புகழ்பெற்ற முடிவு. கலகக்காரர் தம் வாயால் சொல்லும் நியாயத்தைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்ற அவர்களது எச்சரிக்கையும் தள்ளத்தக்கதன்று. கொள்ளைக்காரனும் நியாயம் பேசுவான். 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன் முன்வைத்த கோரிக்கைகளில் காவிரி நீரும் இருந்தது.

இனி இந்த அளவுகோலைச் சேஷாசல மலைத்தொடரின் மேல் வைத்துப் பார்க்கலாம். சித்தூர், கடப்பை மாவட்டங்களையும் அவற்றை அடுத்த சில பகுதிகளையும் தவிர, செம்மரம் இயற்கையாக வளரும் இடம் உலகில் இல்லை என்றே சொல்லலாம். சீனத்தில் அறைகலனுக்கும் ஜப்பானில் இசைக்கருவிக்கும் அது விலைபோகிறது. மரத்தை வெட்டித் தோளில் சுமந்து மலையிறக்கிவிட்டால் பணம். வைரத்தைப் போலவே இதற்கும் ஆலை வேண்டாம், பொறியாளர் வேண்டாம். நிலமோ காடும் பள்ளத்தாக்கும் செங்குத்துப் பாறையும் நிறைந்தது. ஆட்களுக்கும் குறைவில்லை. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம், விழுப்புரம் மாவட்டங்களின் மலையூர்களிலிருந்து, குறிப்பாக ஜவ்வாது மலையிலிருந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்கள் தரகர் வழியாக இங்கே வருகிறார்கள். மூலப்பொருள், மலைநிலம், மலிவான ஆள் ஆகிய மூன்று கட்டங்களும் நிரம்பிவிட்டன.

ஆயினும் சேஷாசலத்தில் உள்நாட்டுப் போர் இல்லை. கடத்தல் இருக்கிறது, தரகர் வலைப்பின்னல் இருக்கிறது, சாவும் இருக்கிறது. 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர் இருவர் கடத்தல்காரர்களால் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை அடுத்த காட்டில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற இருபது பேரைச் சிறப்புக் காவல் படை சுட்டுக் கொன்றது. தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை சொன்னது. முன்பே பிடித்துச் செல்லப்பட்டவர்களே கொல்லப்பட்டனர் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. இத்தனைக்குப் பிறகும் ஜவ்வாது மலையில் ஒரு கலகப் படை தோன்றவில்லை. பேராசைக்கு வேண்டியதும் அங்கே இருந்தது. மனக்குறைக்கு வேண்டியதும், ஒரே நாளில் இருபது உடல்களாக, வந்து சேர்ந்தது. இரண்டு பெட்டிகளும் நிரம்பி வழிந்தும் போர் வரவில்லை. எனவே அந்த இரண்டு பெட்டிகளும் போருக்கான விடையைத் தம்முள் வைத்திருக்கவில்லை.

கோலியர் தரப்பினர் இதற்கு மறுமொழி சொல்லக்கூடும். அவர்களது கணக்கு நாட்டை அலகாகக் கொண்டது. அது நிகழ்தகவு கூறுவது. ஒரு மலையை வைத்து அதை மறுக்க இயலாது என்பர். சரியே. ஆனால் அந்த மறுமொழி அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. நாட்டை அலகாகக் கொண்டால் இந்தியா முழுவதும் அட்டவணையில் ஒரே வரி. 2014 வரை சித்தூரும் கரீம்நகரும் ஒரே மாநிலத்தில், ஒரே அரசின் கீழ், ஒரே காவல்துறைத் தலைமையின் கீழ் இருந்தன. ஒன்றில் பல பத்தாண்டுகள் ஆயுதப் போராட்டம் நடந்தது, மற்றதில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி வாய் திறக்க முடியாத ஒரு கணக்கு, கலகம் செய்பவனின் உள்நோக்கத்தைப் பற்றி மட்டும் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

கரீம்நகரில் நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் ஜகித்யால், சிரிசில்லா வட்டாரங்களில் சிக்கல் நிலமும் வெட்டி வேலையும் கூலியும்தான். புறம்போக்கு நிலங்கள் பெருநிலக்காரர் பிடியில் இருந்தன. நகரக் கல்லூரிகளின் தீவிர மாணவர் சங்கத்தினர் விடுமுறையில் ஊர்களுக்குச் சென்று கூலித் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினர். 1978இல் ஜகித்யாலில் ஆயிரக்கணக்கானோர் கூடிய பேரணி நடந்தது. அதைத் தொடர்ந்து அரசு அவ்வட்டாரங்களைக் ‘கலவரப் பகுதி’ என்று அறிவித்தது. கொண்டபள்ளி சீதாராமையாவின் தலைமையில் மக்கள் யுத்தக் கட்சி தோன்றியது அதற்குப் பின்னர், 1980 ஏப்ரலில். ஆயுதக் குழுக்கள் ஆதிலாபாத், வாரங்கல் காடுகளுக்குள் புகுந்தது அதற்கும் பின்னர். குறை முதலில், சங்கம் அடுத்து, அடக்குமுறையும் ஆயுதமும் அதன் பின், பணம் கடைசியில். பணத்தைக் காரணம் என்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கியாக வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பாடமே. காட்டில் அவர்களது வருவாய்களில் முக்கியமானது பீடி இலை. கோடையில் சில வாரங்கள் மட்டும் நடக்கும் இலைப் பறிப்பில் பழங்குடியினருக்கு ஒரு கட்டுக்குச் சில பைசாவே கிடைத்து வந்தது. ஆயுதக் குழுக்கள் ஒப்பந்ததாரர்களை மிரட்டிக் கட்டுக்கூலியை உயர்த்தின. கூடவே அதே ஒப்பந்ததாரர்களிடம் தமக்கென ஒரு தொகையும் வசூலித்தன. இந்த இலையை எந்தப் பெட்டியில் போடுவது? கட்சியின் கணக்கில் அது வருவாய். பறிப்பவளின் கணக்கில் அது நெடுநாள் குறைக்குக் கிடைத்த தீர்வு. ஒப்பந்ததாரர் கணக்கில் தண்டல். ஒரே கட்டு, ஒரே நாள், ஒரே பரிமாற்றம். ‘மூலப்பொருள் வருவாய்’ என்ற மாறி இம்மூன்றையும் ஒன்றாக நசுக்கி, மேலே ‘பேராசை’ என்ற சீட்டை ஒட்டுகிறது.

படிப்பைப் பற்றிய மாறியிலும் இதே பிழை உண்டு. இளைஞரில் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வோர் குறைவாக உள்ள நாட்டில் போர் ஆபத்து அதிகம் என்பது அவர்களது முடிவு. அதற்கு அவர்கள் தரும் பொருள்: படிக்காதவனுக்கு வேறு வருமானம் இல்லை, ஆகவே அவனைப் படையில் சேர்ப்பது மலிவு. ஆனால் மலையூரில் பள்ளி இல்லாமை அந்த ஊராரின் மனுவிலேயே முதல் வரியாக இருக்கக்கூடிய குறை. எண் ஒன்றுதான், அதைச் செலவாகவும் படிக்கலாம், அநீதியாகவும் படிக்கலாம். எதுவாகப் படிப்பது என்பதை எண் சொல்லவில்லை, ஆய்வாளர் சொல்கிறார்.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் ‘குறை’ என்பது இல்லாமையையும் குறிக்கும், முறையீட்டையும் குறிக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் ‘குறைதீர்க்கும் நாள்’ நடக்கிறது. வறுமை உள்ளவர் அனைவரும் அங்கே வரிசையில் நிற்பதில்லை. தம் நிலை ஒருவரால் நேர்ந்தது, இன்னாரிடம் கேட்டால் தீரும் என்று எண்ணுவோரே மனுவோடு நிற்கின்றனர். முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு ஒருவரை நகர்த்த எழுதித் தருபவர், கூட்டிச் செல்பவர், கூட நிற்பவர் தேவை. வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினி எண் முதற்பொருளை மட்டுமே அளக்கும். அதை வைத்துக்கொண்டு ‘மனக்குறைக்கும் போருக்கும் தொடர்பில்லை’ என்று அறிவிப்பது, ஊரின் ஏழைகளை எண்ணிவிட்டு மனுக்களைப் படித்துவிட்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஜகித்யாலுக்கும் ஜவ்வாதுக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. செம்மரத் தரகர் ஆட்களைத் தனித்தனியாக முன்பணம் கொடுத்து அழைக்கிறார். மரம் வெட்டுபவருக்கு மேலே இருப்பவர் யார் என்றும் தெரியாது, பக்கத்தில் நடப்பவரோடு பேசிச் சேர்ந்து கேட்கும் பழக்கமும் உருவாகாது. பிடிபட்டால் வேறு மாநிலச் சிறை, வேற்று மொழியில் வழக்கு. ஜகித்யாலின் கூலித் தொழிலாளருக்கோ எதிரி பெயரோடும் வீட்டோடும் அதே ஊரில் இருந்தார். உடன் நிற்கச் சங்கமும் இருந்தது. குறையை உரிமைக் கோரிக்கையாக மாற்றும் அமைப்பு எங்கே உருவாகிறது, அக்கோரிக்கையை அரசு எப்படி எதிர்கொள்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் அந்த இரண்டு பெட்டிகளில் இடமே இல்லை.

பணத்தைப் பற்றிய கேள்வி வீண் என்பது இதன் பொருளன்று. அது வேறொரு வினாவுக்கான விடை. தொடங்கிய போர் ஏன் நீள்கிறது, ஏன் திசை மாறுகிறது என்று கேட்டால் பணத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஒப்பந்ததாரர் தரும் தொகையில் வாழும் இயக்கத்துக்கு, அந்த ஒப்பந்ததாரர் அழியாமல் இருப்பதில் ஓர் அக்கறை பிறந்துவிடும். அதை விசாரிக்காத அனுதாப எழுத்தும் ஆய்வாகாது. ஆனால் நீடிப்பதற்கான காரணத்தைத் தொடங்கியதற்கான காரணமாகக் காட்டுவது அறிவுமோசடி. கோலியரும் ஹோஃப்ளரும் தோமினிக் ரோனரும் சேர்ந்து 2009இல் எழுதியபோது, உள்நோக்கத்தை விட்டுவிட்டுச் ‘சாத்தியம்’ என்ற சொல்லுக்கு நகர்ந்தனர்: எங்கே கலகம் சாத்தியமோ அங்கே அது நிகழும். மூலவர்களே கைவிட்ட சொல்லைப் பாடத்திட்டங்கள் மட்டும் இன்னும் சுமக்கின்றன. அந்தப் புதிய சொல்லுக்கும் சேஷாசலம் பதில் கேட்டு நிற்கிறது. சாத்தியங்கள் அனைத்தும் அங்கே இருந்தன.

2003 அக்டோபர் 1 அன்று, திருமலை பிரம்மோற்சவத்துக்குச் சென்றுகொண்டிருந்த முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் வாகனத்தை அலிபிரியில் மக்கள் யுத்தக் கட்சியினர் கண்ணிவெடி வைத்துத் தகர்த்தனர். அவர் காயங்களோடு உயிர் தப்பினார். உலகின் விலையுயர்ந்த மரங்களுள் ஒன்று வளரும் மலையின் அடிவாரம் அது. அவர்கள் அங்கே தேடி வந்தது மாநிலத்தின் முதலமைச்சரை. அந்தச் செயலைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். அதற்குப் பேராசை என்று பெயரிட்டால் மட்டும் அது விளங்கிவிடாது.

அடுத்த பருவத்தில் இப்பாடத்தை நடத்துவோர் ‘பேராசையா, மனக்குறையா’ என்ற கட்டுரைத் தலைப்பை நீக்கிவிட்டு, ஒரே மாநிலத்தின் இரண்டு மாவட்டங்களைக் கொடுத்து, ஒன்றில் போர் வந்தது, மற்றதில் வரவில்லை, ஏன் என்று எழுதச் சொல்லட்டும். மாணவர் அப்போது கால வரிசையைத் தேடுவார். சங்கத்தின் பெயரையும் கூலியின் அளவையும் தேடுவார். ‘இரண்டும் கலந்ததே உண்மை’ என்று எழுதி அவர் தப்பிக்க முடியாது.