கைக்கடிகாரம் சொல்லும் கலோரியை நம்பிச் சாப்பிடலாமா?

விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போயிருந்தேன். பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் அத்தை வீடு. காலையில் லயத்திலிருந்து மலை உச்சிவரை ஏறி இறங்கினேன். ஏற அரை மணி, இறங்க அரை மணி. கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் கடிகாரம் 410 கலோரி செலவானதாகக் காட்டியது. அந்தத் தைரியத்தில் பருப்புக் குழம்புடன் ஒரு ரொட்டி சானாயும், இனிப்பு தூக்கலாக ஒரு தே தாரேக்கும் உள்ளே போயின. ஏறத்தாழ 400 கலோரி. கணக்கு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அது சரியான கணக்கல்ல. கடிகாரம் கலோரியை அளப்பதில்லை. தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணுகிறது. கை அசைவைக் கவனிக்கிறது. நாம் பதிந்த வயது, எடை, உயரம், பாலினம் ஆகியவற்றோடு அவற்றைச் சேர்த்து ஓர் ஊகம் செய்கிறது. ஆய்வகத்திலோ முகமூடி மாட்டி, மூச்சில் ஆக்சிஜன் எவ்வளவு செலவாகிறது என்று அளப்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2017-இல் ஏழு வகைக் கருவிகளை 60 பேருக்குக் கட்டி, அந்த அளவோடு ஒப்பிட்டது. நாடித்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் அடங்கியது. கலோரியில் மிகச் சிறந்த கருவிகூட சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. மிக மோசமானது 93 விழுக்காடு. கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன, ஆனால் ஊகம் ஊகமாகவே இருக்கிறது.

என் நடையையே கணக்கிட்டுப் பார்த்தேன். எடை 60 கிலோ. 2 கிலோமீட்டரில் சுமார் 200 மீட்டர் உயரம் ஏறினேன், அதாவது 10 விழுக்காடு சரிவு. உடற்பயிற்சித் துறையில் வழக்கமாகப் பயன்படுத்தும் நடைச் சமன்பாட்டின்படி ஏற்றத்துக்கு ஏறத்தாழ 200 கலோரி. இறக்கத்தைச் சமதளம் என்று தாராளமாக வைத்தாலும் 90 கலோரிதான். மொத்தம் 290. அந்த ஒரு மணி நேரம் போர்வைக்குள் சுருண்டு கிடந்திருந்தாலும் 60 கலோரி போயிருக்கும். அது என் அன்றாடத் தேவையில் ஏற்கெனவே அடங்கியது. ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 230 கலோரி. நான் சாப்பிட்டதோ 400.

கடிகாரம் ஏன் மிகைப்படுத்தியது? தேர்வுக் காலம் முழுக்க உட்கார்ந்தே கிடந்த எனக்கு, சின்ன ஏற்றத்துக்கே நெஞ்சு படபடத்தது. பழக்கப்பட்டவரைவிட எனக்கு நாடி வேகமாக ஓடும். ஆனால் செலவாகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் கூடாது. கடிகாரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மலைக்குளிரும் ஒரு காரணமாகலாம். குளிரில் தோலடி இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ஒளி தடுமாறும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டினால் நாடிக் கணக்காவது தேறும்.

மறுநாள் கொழுந்தெடுக்கப் போன அத்தையின் கையில் அதைக் கட்டிவிட்டேன். சரிவில் நின்றபடி கை மட்டும் ஓடும் வேலை அது. முதுகுக் கூடையின் பாரம் கடிகாரத்துக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, அதில் பதிந்திருந்தது என் வயதும் என் எடையும். மாலையில் எண்ணைப் பார்த்த அத்தை, “இதப் பாத்தா நான் சாப்பிடணும்? பசிச்சா சாப்பிட மாட்டேனா?” என்று கேட்டார். நாள் முழுக்க மலையில் உழைப்பவருக்கு அது போதுமான விடை. பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் மாணவர்களும் செலவழித்ததைச் சாப்பிட்டே ஆகவேண்டும். கடிகாரம் பொய் சொல்கிறது என்று பட்டினி கிடப்பது அவர்களுக்கு ஆபத்து.

எடை குறைக்க நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்த எண் வலை விரிக்கிறது. ஒரு மணி நேர நடைக்குத் தனியாகச் சாப்பிடத் தேவையில்லை. நீண்ட மலையேற்றம் என்றால், கடிகாரம் காட்டுவதில் பாதியைச் சாப்பிட்டுத் தொடங்கலாம். அதிலும் அது காட்டுவது ‘மொத்தக் கலோரி’யா, ‘செயல்பாட்டுக் கலோரி’யா என்று முதலில் பாருங்கள், இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு தராசிடம் கேளுங்கள். தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை எழுதுங்கள். ஒருநாள் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. நான்கு வாரத்தில் அரைக் கிலோ குறைந்தால், உண்மையான பற்றாக்குறை நாளுக்குச் சுமார் 140. உங்கள் கணக்கு 450 என்று சொல்லியிருந்தால், மீதி 310 கலோரி கடிகாரத்தின் மிகையாக இருக்கலாம், எழுத மறந்த தே தாரேக்காகவும் இருக்கலாம். எதுவானாலும், அடுத்த மாதம் அந்த 310-ஐக் கழித்துவிட்டு எண்ணத் தொடங்கலாம். நான் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன்.