அந்தக் கமாவைத் தொலைக்காதீர்கள்



கப்பலுக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகள் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உண்டு. அவர்களுக்காக ஒரு விஷயம்.

வியட்நாமின் ஹைஃபோங்கில் கப்பல் நின்றபோது ஒருவருக்கு நெஞ்சுவலி. அங்கேயே அட்மிட் ஆகி, தேறி வீடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க வியட்நாமிய மொழி. ஸ்டான்லியில் காட்ட வேண்டுமே என்று இங்கிலீஷில் மொழிபெயர்க்கக் கொடுக்கிறோம். நோய் வந்த கதை முன்னே பின்னே இருந்தாலும் டாக்டர் கேட்டுத் தெரிந்துகொள்வார். மருந்து வரிகளில் அந்தச் சலுகை கிடையாது.

ஒரு வரியைப் பாருங்கள். பிசோபுரோலால் 2,5 மி.கி., 14 மாத்திரை, தினம் காலை அரை மாத்திரை. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கமா போடுவார்கள். அதாவது இது 2.5 மி.கி. டைப் அடிக்கும்போது கமா விடுபட்டுவிட்டால் 25! இது இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து. இதயச் செயலிழப்புக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி.தான் உச்ச அளவு. ஆயிரத்துக்கு அவர்கள் போடுவதோ புள்ளி. 1.000 மி.கி. என்றால் ஒரு மில்லிகிராம் இல்லை, ஒரு கிராம்.

தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணிக்கையைப் பெருக்கிப் பாருங்கள். தினம் அரை என்றால் 14 மாத்திரை 28 நாளுக்கு வரும். சம்மரியிலும் 28 நாள் என்றிருந்தால் சரி. மொழிபெயர்ப்பில் ‘ஒரு மாத்திரை’ என்று இருந்தால் 14 நாளிலேயே தீர்ந்துவிடுமே, அங்கேயே பிடிபடும். ஆனால் கமா போன தப்பை இந்தக் கணக்கு காட்டாது. அதற்கு மாத்திரை அட்டைதான் சாட்சி. காலி அட்டையானாலும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொரு ஆபத்து, நல்லெண்ணத்தில் திருத்துவது. அங்கே ஆஸ்பிரின் 81 மி.கி. என்று எழுதியிருப்பார்கள். இங்கே பழக்கமானது 75. “இதுதானே” என்று மொழிபெயர்ப்பவர் 75 ஆக்கிவிட்டால், அங்கே உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்பதே மறைந்துபோகும். மாற்றுவது டாக்டர் வேலை. பிராண்ட் பெயரையும் அப்படியே விட வேண்டும். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு மருந்து இருப்பதுண்டு.

நேரத்திலும் கவனம் வேண்டும். நம் சீட்டில் 1-0-1 என மூன்று வேளை. அவர்கள் காலை, மதியம், மாலை, இரவு என நான்காகப் பிரிப்பார்கள். மாலை மாத்திரையை இரவுக் கட்டத்தில் திணிக்காமல் ‘மாலை’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

மூலத்தில் உள்ள எண்ணைக் கமாவோடு ஒரு பத்தியிலும், இங்கிலீஷ் வடிவத்தைப் பக்கத்திலும் போட்டு வாங்குங்கள். டாக்டரிடம் மூலத்தையும் சேர்த்தே நீட்டுங்கள்.

கடல் தொழிலாளர்களுக்கான 2006 உடன்படிக்கைப்படி கப்பலில் ஒரு மருத்துவ அறிக்கைப் படிவம் இருக்க வேண்டும். இந்தியா 2015இல் அதை ஏற்றிருக்கிறது. கரை டாக்டரிடம் அதையும் நிரப்பி வாங்கித் தரும்படி கேப்டனிடம் கேட்கச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் அடுத்த தடவை போன் செய்யும்போது.

அன்புடன்,
ஆசிரியர்