பத்து நிமிஷப் பேச்சு, பத்து மார்க் பேப்பர்

ராஜபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கடைக்குச் சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி உண்டு. முடங்கியாறு ரோட்டில் அய்யனார் கோவில் வரைக்கும் உள்ள டீக்கடைகள், தோப்பு வீடுகள் எல்லாவற்றுக்கும் அதில்தான் சரக்கு போகும்.

போன வருடம் ஒரு டிரைவரை வேலைக்கு வைத்தார். பத்து நிமிஷம் பேசினார்களாம். "எத்தனை வருஷ அனுபவம்?", "பதினஞ்சு". "தண்ணி பழக்கம் உண்டா?", "சேச்சே". அவ்வளவுதான், சாவியைக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வாரமே ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர் போயிற்று. சுவருக்குப் பக்கத்தில் அந்த நேரம் பிள்ளைகள் யாரும் விளையாடவில்லை என்பது அவருடைய நல்ல காலம்.

இந்த முறை ஆள் எடுக்கும்போது என்னையும் கூப்பிட்டார். வந்தவர்கள் மூன்று பேர். ஒரே ஒரு முடிவோடு உட்கார்ந்தோம்: அனுபவத்தைக் கேட்பதில்லை, வேலையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, செய்யச் சொல்லிப் பார்ப்பது. மூன்று பேருக்கும் அதே சரக்கு, அதே ரோடு. எதற்கு எத்தனை மார்க் என்று முதல் நாளே எழுதிவிட்டோம். ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். வந்தவர்களுக்கு அரை நாள் கூலி உண்டு என்பதையும் போனிலேயே சொல்லிவிட்டோம். சும்மா வேலை வாங்கிக்கொண்டு அனுப்பினால் நல்ல ஆள் அடுத்த முறை வரமாட்டார்.

சாவிக்கு முன்னால் லைசென்ஸ். இதற்கு மார்க் கிடையாது. இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அட்டையைப் பார்த்தால் மட்டும் போதாது. லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் பரிவாகன் தளத்தில் போட்டால், அது நடப்பில் இருக்கிறதா, என்ன வண்டிக்கு என்று வந்துவிடும். முதலில் வந்தவருக்குக் காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. பாவம், அவருக்கே தெரியாது. டீ கொடுத்து, கூலியும் கொடுத்து, "புதுப்பிச்சுட்டு வாங்க தம்பி" என்று அனுப்பினார் அண்ணாச்சி.

டெஸ்ட்தானே, ரெண்டு கிலோமீட்டர்தானே என்று இதில் இளகக் கூடாது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். விபத்து ஆகிவிட்டால், காயம்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கும் பணத்தை உரிமையாளரிடம் திருப்பி வாங்கவும் வழி இருக்கிறது. இன்னொன்று, 'பேட்ஜ்' இல்லையே என்று நல்ல ஆளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குட்டி யானை அந்த எடைக்கு ரொம்பக் கீழே.

மீதி இரண்டு பேர். ஒருவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், கேரளா லைனில் லாரி ஓட்டியவர். இன்னொருவர் இருபத்தாறு வயதுத் தம்பி, தண்ணீர் கேன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்.

வண்டியில் இரண்டு சின்ன விஷயங்களை வேண்டுமென்றே மாற்றி வைத்திருந்தோம். இடது பக்கக் கண்ணாடி மடங்கி இருந்தது. பின்கதவின் ஒரு கொண்டி மாட்டாமல் இருந்தது. கிளம்பும் முன் யாரும் கவனிக்கவில்லை என்றால் அண்ணாச்சியே சரிசெய்துவிடுவார். பிரேக், டயர் மாதிரியான விஷயங்களில் இந்த விளையாட்டு கூடாது. லாரிக்காரர் கண்ணாடியை மட்டும் சரிசெய்தார். தம்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டையும் சரிசெய்தார்.

அடுத்தது சரக்கு ஏற்றுவது. 25 கிலோ அரிசி மூட்டை பன்னிரண்டு, ஒரு கிரேட் சோடா, ஒரு தட்டு முட்டை, எண்ணெய் டப்பாக்கள். இங்கே லாரிக்காரர் வாத்தியார்தான். மூட்டைகளைக் கேபினை ஒட்டிப் படுக்கப் போட்டார். "பின்னாடி பாரம் போச்சுன்னா முன்சக்கரம் லேசாயிரும், ஸ்டியரிங் பேச்சு கேக்காது அண்ணாச்சி" என்றார். தம்பி பாதி மூட்டையைக் கதவோரம் அடுக்கினார். சீக்கிரம் இறக்கலாம் என்று நினைத்திருக்கிறார். முட்டைத் தட்டை மட்டும் இரண்டு பேரும் பத்திரமாகவே வைத்தார்கள்.

பில்லில் நாலு எண்ணெய் டப்பா. ஏற்றக் கொடுத்தது மூன்று. தம்பி எண்ணிப் பார்த்து "ஒண்ணு குறையுதே" என்றார். லாரிக்காரர் எண்ணவில்லை. லாரியில் அவர் எண்ணிப் பழகியிருக்க மாட்டார், அதற்கு வேறு ஆள் இருந்திருப்பார். (பில் வாசிக்கத் தெரியாத ஆள் வந்தால் நாம் வாசித்துக் காட்டி, எண்ணச் சொல்ல வேண்டும். அதற்காக ஒருவரைக் கழிக்கக் கூடாது.) பார்த்து முடித்ததும் நாலாவது டப்பாவையும் ஏற்றினோம்.

கேபினில் டிரைவர் பக்கத்தில் அண்ணாச்சி. நான் பின்னால் பைக்கில். முடங்கியாறு ரோட்டில் அய்யனார் கோவில் பக்கமாக மூன்று கிலோமீட்டர், திரும்பி வந்து ஒரு சந்தில் முப்பது அடி ரிவர்ஸ். முதல் ஐந்து நிமிஷத்துக்கு மார்க் போடவில்லை. பக்கத்தில் முதலாளி இருந்தால் யாருக்கும் கை நடுங்கும். ஓட்டுவதில் லாரிக்காரர் வெண்ணெய். வேகத்தடைக்கு எவ்வளவு முன்னால் பிரேக் விளக்கு எரிகிறது என்று பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. தம்பிக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் எரிந்தது.

சந்து வந்தது. லாரிக்காரர் இரண்டு கண்ணாடியையும் பார்த்து ஒரே மூச்சில் பின்னால் எடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தம்பி வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து எடுத்தார். வண்டிக்கு நேர் பின்னால் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் குழந்தையோ நாயோ எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. சரக்கு ஏற்றிவிட்டால் பின்கண்ணாடி வழியும் அடைத்துவிடும்.

கடைசியாகச் சரக்கு ஒப்படைப்பு. டீக்கடைக்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். பில் 1,840 ரூபாய். 65 ரூபாய்ப் பொருள் ஒன்றைத் 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்து, நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை நீட்டுவார். பில் 1,775 ஆகிறது, பாக்கி 225 கொடுக்க வேண்டும். லாரிக்காரர் மனக்கணக்காகச் சட்டென்று கொடுத்தார், சரியாக இருந்தது. ஆனால் எங்கேயும் எழுதவில்லை. தம்பி போனில் கணக்குப் போட்டு, பில்லில் திருப்பியதை அடித்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். சாயங்காலம் கடையில் கணக்கு முடிக்கும்போது எழுதாத 65 ரூபாய்தான் சண்டையாக வரும்.

கூட்டிப் பார்த்தோம். வண்டியைச் சுற்றிப் பார்ப்பது, சரக்கு ஏற்றுவது, எண்ணுவது, ஓட்டுவது, ஒப்படைப்பது என்ற வரிசையில் லாரிக்காரருக்கு 1, 2, 0, 1, 1. மொத்தம் ஐந்து. தம்பிக்கு 2, 1, 2, 1, 2. மொத்தம் எட்டு. ஓட்டுவதில் அவருக்கு ரிவர்ஸில் ஒன்று போயிற்று, இவருக்குப் பிரேக்கில். பேப்பர் இல்லாவிட்டால் அண்ணாச்சி லாரிக்காரரைத்தான் எடுத்திருப்பார். அவரே ஒத்துக்கொண்டார்.

ஒரு மணி நேர டெஸ்டில் தெரியாதவையும் உண்டு. தனியாகப் போகும்போது எப்படி ஓட்டுவார், காசில் கை சுத்தமா, காலையில் நேரத்துக்கு வருவாரா என்பதெல்லாம் இதில் வராது. பணத்தைப் போட்டு வைத்து எடுக்கிறாரா என்று ஒளிந்து பார்க்கலாமா என்றார் அண்ணாச்சி. நான் வேண்டாம் என்றேன். பழைய முதலாளிக்குப் போன் போட்டு, "மறுபடியும் உங்ககிட்ட வந்தா வேலைக்கு வைப்பீங்களா?" என்று கேட்டோம். 'நல்ல பையன்' என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் பதில் வந்தால்தான் நம்பலாம். வந்தது. அதன்பின் முழுச் சம்பளத்தோடு இரண்டு வாரச் சோதனை. லைசென்ஸ் நகல் போதும், ஒரிஜினல் அவரிடமே இருக்கட்டும் என்றேன். சில கடைகளில் அதை அடமானம் மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

லாரிக்காரர் கூலியை வாங்கிக்கொண்டு, எத்தனை மார்க் என்று கேட்டார். அண்ணாச்சி தயங்கினார். நான் பேப்பரை நீட்டினேன். நிதானமாக வாசித்தவர் ரிவர்ஸ் வரியில் விரலை வைத்து நின்றார்.

"இறங்கிப் பாத்திருக்கணும். லாரியில கிளீனர் பாத்துச் சொல்லுவான். அந்தப் பழக்கம்" என்றார்.