ஊர் போய்ச் சேர்ந்த விருந்தினருக்கு ஒரு பதில்

தங்கும் விடுதி அறையில் எதையாவது மறந்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தவர் "என் பொருள் கிடைத்ததா?" என்று எழுதிக் கேட்கிறார். அதற்கு எப்படிப் பதில் எழுத வேண்டும்? ரிசப்ஷனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் முப்பது வருஷம் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு.

இதை எழுதக் காரணம், சொந்தக்காரப் பெண் ஒருத்தி சென்ற வாரம் காட்டிய பதில். அவள் ஒரு விடுதியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி பதில்தானாம்: "தங்களுடைய பழுப்பு வார் போட்ட கைக்கடிகாரம் அறையில் கிடைத்தது. ஆதார் அட்டையின் இரு பக்க நகலையும் முகவரியையும் அனுப்பினால் கூரியரில் அனுப்பி வைக்கிறோம்." படிக்க நல்ல மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, பொருளை நாமே வர்ணித்தது. பொருளின் அடையாளத்தைச் சொல்ல வேண்டியவர் கேட்பவர். ஒப்பிட வேண்டியவர் நாம். வாரின் நிறத்தை நாமே சொல்லிவிட்டால், பிறகு சோதிக்க என்ன மிச்சம் இருக்கிறது? இன்னொரு விஷயமும் உண்டு. கடிதத்தை அவர்தான் படிப்பார் என்று என்ன நிச்சயம்? ஒருவர் யாருடன் தங்கினார், என்ன வைத்திருந்தார் என்பது அவர் வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் பழைய ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், கிடைத்த பொருளுக்காகத் தாங்களாக விருந்தினர் வீட்டுக்குப் போன் போட மாட்டார்கள். ரிஜிஸ்டரில் தேதி, அறை எண், கிடைத்த இடம், எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதிப் பூட்டி வைத்துவிட்டு, அவர் கேட்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

இரண்டாவது தவறு, ஆதார் நகல். அறை கொடுக்கும்போதே அடையாள அட்டையின் நகலை வாங்கி வைத்திருக்கிறோமே, மறுபடி எதற்கு? புதிதாக வரும் நகல், அந்தக் காகிதத்தை அவர் வைத்திருக்கிறார் என்பதைத்தான் காட்டும்; பொருள் அவருடையது என்பதைக் காட்டாது. ஒப்பிட வேண்டியது நம்மிடம் ஏற்கெனவே இருப்பதோடு: பதிவில் உள்ள பெயர், தங்கிய தேதிகள், பதிவு செய்த கைப்பேசி எண். அறை எண்ணை மட்டும் நம்பக் கூடாது. வராந்தாவில் நடந்தவர் எவருக்கும் அது தெரியும். கட்டாயம் அட்டை வேண்டும் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும்.

எனக்கு நினைவில் நிற்கும் ஒரு விவகாரத்தைச் சொன்னால் விளங்கும். வயதான ஒருவர் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வேறொரு ஊரிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் எழுதினார்: "அப்பாவின் காது கேட்கும் கருவியை விட்டுவிட்டோம், என் முகவரிக்கு அனுப்புங்கள்." குளியலறை அலமாரியில் ஒன்று கிடைத்து, ரிஜிஸ்டரிலும் ஏறியிருந்தது. ஆனால் எழுதியவர் பெயர் எங்கள் பதிவில் இல்லை. நாங்கள் அனுப்பிய பதில் ஏறக்குறைய இப்படி:

"அன்புள்ள ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. அந்த நாட்களில் கிடைத்த பொருட்களைச் சரிபார்க்கிறோம். கருவி எந்தக் காதுக்கு உரியது, என்ன கம்பெனி, வாரண்டி அட்டையில் உள்ள வரிசை எண் என்ன, எங்கே வைத்த ஞாபகம் என்று தெரிவிக்கவும். அறை தங்கள் தந்தையார் பெயரில் இருப்பதால், தங்களுக்கு அனுப்ப அவருடைய சம்மதமும் வேண்டும். பொருள் பொருந்தினால், அனுப்பும் செலவை முன்கூட்டியே தெரிவிப்போம்."

வலது காதுக் கருவியில் சிவப்புக் குறியும் இடது காதுக் கருவியில் நீலக் குறியும் இருக்கும். எங்களிடம் இருந்ததில் சிவப்பு. மகன் "வலது" என்று எழுதினார், வரிசை எண்ணும் பொருந்தியது. மிச்சம் இருந்தது அப்பாவின் சம்மதம். பதிவு செய்த எண்ணுக்கு நாமே திருப்பிப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் கருவி இல்லாமல் அவருக்குப் போனில் எப்படிக் கேட்கும்? அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினோம். "மகனுக்கே அனுப்பலாம்" என்று முகவரியோடு பதில் வந்தது. இரண்டு முகவரியும் ஒன்றே. இவ்வளவுக்கும் அரை நாள்தான் பிடித்தது.

மூன்றாவது தவறு, செலவைப் பற்றி வாய் திறக்காதது. "அனுப்பி வைக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் இலவசம் என்றுதான் அவர் நினைப்பார். பிறகு பணம் கேட்டால் சண்டை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 71 சொல்வது இது: பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. அதாவது தன் பொருளைப் போலக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும். வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்கும் செலவையும் நீயே சும என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆகவே செலவு விருந்தினருடையது என்பதே என் கட்சி. ஆனால் சலவைக்கு வாங்கிய வேட்டியைக் கொடுக்க மறந்தது நாம் என்றால், செலவும் நம்முடையது. அதில் பேச்சே இல்லை.

விருந்தினரிடம் வாங்கும் தொகை உண்மைச் செலவாக மட்டும் இருக்க வேண்டும். அந்தக் கருவிக்குப் பெட்டியும் பஞ்சும் 40 ரூபாய், மதிப்புக் குறிப்பிட்டு அனுப்பிய கட்டணம் 210 ரூபாய், ஆக 250. முதலில் தொகையைச் சொன்னோம், அவர் சம்மதித்துப் பணம் அனுப்பிய பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்சலைக் கட்டினோம், ரசீதின் படத்தையும் கண்காணிப்பு எண்ணையும் அன்றே அனுப்பினோம். கையாளும் கட்டணம் என்று மேலே ஐம்பதும் நூறும் போடும் விடுதிகள் உண்டு. மறந்துபோன மனிதரிடம் லாபம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொகை ஏன் கூடுகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஒரு தலையணை ஒரு கிலோகூட இருக்காது. ஆனால் 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால், நீள அகல உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுக்கும் கூரியர் கணக்கில் அது 4.8 கிலோ. "தலையணைக்கு இவ்வளவா?" என்று அவர் கேட்பது நியாயம்தான். கணக்கைக் காட்டினால், வேண்டுமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார். பவர் பேங்க் மாதிரிப் பொருளை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தரை வழியாகத்தான் போகும், நாள் கூடும் என்பதையும் முன்பே எழுதிவிடலாம்.

இவ்வளவு கேள்வி கேட்டால் விருந்தினர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று அந்தப் பெண் கேட்டாள். சிலர் கோபிப்பார்கள்தான். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே: "ஐயா, தங்கள் பொருளைக் கேட்டு வேறொருவர் எழுதினாலும் இதே கேள்விகளைத்தான் கேட்போம்." இதைக் கேட்ட பிறகும் கோபித்தவர் என் அனுபவத்தில் அதிகம் இல்லை.