பந்து வீச்சும் மெதுவசைவுப் படமும்

எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற தவணையில் இடுப்பின் இடப்பக்கத்தைக் கையால் அழுத்தியவாறு வகுப்பிற்கு வந்தான். வயது பதினைந்து; வலக்கை வேகப் பந்து வீச்சாளன். "ஓடிவரும்போது நோவில்லை, ஐயா, பந்தை விட்ட பின்புதான் நோகிறது" என்றான். வளரும் பருவத்து வேகப் பந்து வீச்சாளருக்கு, வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் முதுகின் அடியெலும்பு வெடிப்பதுண்டு. ஆதலால் முதற்கண் அவனை வைத்தியரிடம் அனுப்பினேன். வெடிப்பு ஏற்படவில்லையெனினும், சில வாரங்கள் பந்தைத் தொடலாகாது என்பது வைத்தியர் கட்டளை. நோவின் காரணத்தைத் தேட, முன்னர் அவன் தந்தையார் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த மெதுவசைவுப் படம் எமக்கு உதவிற்று.

பின்கால் நிலத்திற் பதிவதற்கும் முன்கால் பதிவதற்கும் இடையே கழியும் நேரம் ஏறக்குறைய ஒரு செக்கனின் ஆறிலொரு பங்கே. சாதாரணப் படம் செக்கனுக்கு 30 சட்டங்களை மட்டுமே பதியும். ஆகவே அவ்விடைவேளையில் ஐந்து சட்டங்களே கிடைக்கும். 240 சட்டங்கள் பதியும் மெதுவசைவில் நாற்பது கிடைக்கும். முதுகு முறுகுவதும் இவ்விடைவேளையிலேயே.

படம் எடுக்கும் முறையையும் கூறுவேன். தொலைபேசியைக் கையிற் பிடித்தலாகாது; முக்காலியில் இருத்தி, வீசுபவனுக்குப் பின்னே, விக்கெற் கட்டைகளின் நேர்கோட்டில், அவன் ஓட்டத்திற்கு இடையூறின்றி வைக்க வேண்டும். நல்ல வெயில் வேண்டும். ஒளி குன்றினால் கை மங்கலாய் இழுபடும். சட்டையின் பின்புறத்தில் தோளுக்குத் தோள் ஒரு வெள்ளைப் பட்டியும், இடுப்பிற் குறுக்காக இன்னொன்றும் ஒட்டுக. ஒரு பந்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. உடல் சூடேறிய பின் ஆறு பந்துகளும், களைத்த பின் ஆறு பந்துகளும் எடுக்க வேண்டும்.

எம் மாணவனின் படத்தைச் சட்டம் சட்டமாக நகர்த்தினோம். பின்கால் பதிந்தபோது அவன் கால்விரல்கள் துடுப்பாட்டக்காரனை நோக்கின. மார்பும் அவ்வாறே நோக்கிற்று. இரு பட்டிகளும் முழு நீளமாய்த் தெரிந்தன. இதுவரை குற்றமில்லை. ஆனால் முன்கால் பதிவதற்குள் தோட்பட்டி ஏறக்குறைய பாதியாய்க் குறுகிற்று. இடுப்புப் பட்டியோ குறுகவில்லை. அதாவது, இடுப்பு நேரே நிற்க, தோள்கள் மட்டும் வலப்புறம் திரும்பின. பின்னர் அவையே இடப்புறம் விசையுடன் சுழன்றன. பிழிந்த துணிபோல் முறுகிய அந்த முதுகின்மேல், முன்கால் பதியும் வேளையில் உடல் நிறையின் பல மடங்கு சுமை விழுகின்றது. காரணமும் படத்திலேயே இருந்தது: இடக்கை நேரே உயராமல், மார்பிற்குக் குறுக்காக வலப்புறம் சென்று தோளையும் இழுத்தது.

ஓய்வு முடிந்ததும் ஓட்டமின்றி, நின்ற நிலையில், இடக்கையைத் துடுப்பாட்டக்காரனை நோக்கி நேரே உயர்த்தி வீசப் பழக்கினோம். பின்பு நான்கு அடி நடந்து வந்து வீசச் செய்தோம். மூன்றாம் வாரப் படத்தில் தோட்பட்டி சிறிதளவே குறுகிற்று. களைத்த பின் எடுத்த ஆறு பந்துகளில் இரண்டில் பழைய முறுக்கு மீண்டும் தோன்றியது. ஆகவே ஒரு நாளில் வீசும் பந்துகளின் தொகையைக் குறைத்தோம்.

இக்கருவியின் எல்லையையும் அறிதல் வேண்டும். தோள்கள் 30 பாகைக்கு மேல் எதிர்த்திசையில் திரும்பினால் அபாயம் என்பர் பயிற்றுநர். ஆனால் 30 பாகை திரும்பும்போது பட்டியின் நீளம் எட்டிலொரு பங்களவே குறையும். அதனைக் கண் தவறவிடும். பெரும் பிழையையே இப்படம் காட்டும்; பிழையில்லை என்று உறுதி கூறாது.

முழங்கையைப் பற்றியோ இப்படத்தைக் கொண்டு ஒன்றும் கூறலாகாது. 1995ஆம் ஆண்டு மெல்பேண் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் பந்துகள் முறையற்றவை என நடுவரால் அறிவிக்கப்பட்டமை வாசகர் அறிந்ததே. பிறவியிலேயே முழுதும் நிமிராத அவர் முழங்கை, எறிவது போன்ற தோற்றத்தைத் தந்ததென்பதைப் பல கமராக்களைக் கொண்டு ஆய்வுகூடத்தில் அளந்த பின்னரே கண்டனர். ஒரு பக்கத்துப் படம் வளைவைக் காட்டும், அவ்வளவை அளக்காது. ஆகவே தொலைபேசியைக் காட்டி ஒரு சிறுவனை "எறிகிறான்" என்று பழிப்பது அநீதி.

எம் மாணவன் இப்பொழுது இடுப்பைப் பிடிக்காமல் வகுப்பிற்கு வருகிறான். எனினும் திங்களுக்கொருமுறை அவ்விரு பட்டிகளையும் ஒட்டிப் பார்க்கிறோம். வளரும் பிள்ளையின் உடல் திங்கள்தோறும் மாறுகின்றதன்றோ!