வீட்டார் மறந்த பிறந்தநாளும் நாம் அனுப்பும் வாழ்த்தும்

"வீட்டுல யாருக்கும் ஞாபகம் இல்லாட்டி என்ன, நான் இருக்கேன்டி!" பிறந்தநாளன்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று தெரிந்ததும் தோழிக்கு நாம் அனுப்பும் வாழ்த்து பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பிறந்தநாளை மறந்தவர்களுக்குப் பாசம் இல்லை என்று நாம் உறுதியாக நம்புவதால் வரும் வாழ்த்து இது. அந்த நம்பிக்கை தவறு. அதை வைத்து எழுதப்படும் வாழ்த்து, வாங்குகிறவரைக் காயப்படுத்தவும் செய்கிறது.

முதலில், மறந்துதான் போனார்களா? நம் வீடுகள் பலவற்றில் பெரியவர்களுக்குப் பிறந்தநாள் என்றால் தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான். சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி மறுபடி அங்கேயே வர ஏறக்குறைய இருபத்தேழே கால் நாள் ஆகிறது. அதனால் நட்சத்திரப் பிறந்தநாள் ஆண்டுதோறும் பத்து நாள் முன்னால் நகரும். அப்படி நகர்ந்து முந்தைய மாதத்துக்குள் போய்விட்டால், அடுத்த சுற்றில் வருவதை எடுத்துக்கொள்வார்கள். அக்டோபர் 25இல், ஐப்பசி மாதத்தில் பிறந்த பெண்ணுக்கு மறுவருடம் அதே நட்சத்திரம் அக்டோபர் 15 வாக்கில் வரும், அது புரட்டாசி. ஆகவே அவள் அம்மா நவம்பர் 11 வாக்கில்தான் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுப்பார். அக்டோபர் 25 அன்று அந்த அம்மா சும்மா இருப்பதை மறதி என்று யார் சொல்ல முடியும்? பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதியே சான்றிதழில் நிலைத்துவிட்டவர்களும் நம்மிடையே ஏராளம். முகநூல் அறிவிப்பது அந்தத் தேதியாகக்கூட இருக்கலாம்.

சரி, உண்மையாகவே மறந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் தேதிகளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அநேகமாக ஒரே ஒரு ஆள், அந்தத் தோழியேதான். நாத்தனார் கல்யாண நாள், மாமனார் திதி, பையனின் பரீட்சைக் கட்டணம் என்று தினசரி காலண்டரில் பேனாவால் வட்டம் போடுவது அவள்தான். "நாளைக்கு உங்க தம்பிக்குப் பிறந்தநாள், காலையிலேயே போன் பண்ணிடுங்க" என்று கணவருக்கு எடுத்துக் கொடுப்பதும் அவளே. மற்றவர்களுக்குத் தேதிகளை நினைவில் வைக்கும் வேலையே இருந்ததில்லை. அவள் சொல்லிச் சொல்லித்தான் வாழ்த்தி வந்திருக்கிறார்கள். தன் பிறந்தநாளை மட்டும் அவள் சொல்லமாட்டாள். அதனால் வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் தவறிப்போகிறது. இதில் ஒரு குறை இருக்கிறது, பெரிய குறைதான். ஆனால் அது அந்த வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டிவிட்ட குறை. பாசத்தை இதை வைத்து எடைபோட முடியாது.

நண்பர்களாகிய நமக்கு மட்டும் எப்படி நினைவிருந்தது? பெரும்பாலும் காலையில் போன் சொன்னது. அதை நம் அன்புக்குச் சாட்சியாக்கி, அவள் வீட்டாரைக் குற்றவாளிகளாக நிறுத்துவது நியாயமே இல்லை. அவள் ராத்திரி சாப்பாடு பரிமாறப்போவது அவர்களுக்குத்தான். மாலையில் மகள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, எல்லாம் சரியான பிறகும் "யாருக்கும் ஞாபகம் இல்லை" என்ற வரி அவள் போனில் அப்படியே கிடக்கும்.

ஆகவே வாழ்த்தில் வீட்டார் வேண்டாம். "வீட்டுல என்ன விசேஷம்?" என்ற கேள்வியும் வேண்டாம், அதற்கு அவள் பொய் சொல்ல வேண்டிவரும், இல்லையென்றால் அழ வேண்டிவரும். அவளைப் பற்றி, அவளுக்கு மட்டுமே பொருந்துவதாக எழுதுங்கள்: "பிறந்தநாள் வாழ்த்துகள்டி. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப தினம் ரசம் வெச்சு எடுத்துட்டு வந்தியே, அவர் இன்னும் அதையே சொல்றார். சாயங்காலம் அஞ்சரைக்கு வரேன், கோயிலுக்குப் போய்ட்டு அப்படியே டிபன் சாப்பிடலாம்." இதில் நேரம் குறித்திருப்பது முக்கியம். "எப்பவாவது பார்க்கலாம்" என்று எழுதினால் அந்த நாளின் வெறுமை அப்படியேதான் இருக்கும்.

அவள் குடும்பமும் நீங்களும் சேர்ந்திருக்கும் வாட்ஸப் குழுவில் முதல் ஆளாக வாழ்த்திவிடாதீர்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் வரிசையாக வந்து விழும் வாழ்த்துகள் எதனால் வந்தன என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மகளையோ கணவரையோ தனியாகப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எடுத்துக்கொடுத்து வரும் வாழ்த்துக்கு மதிப்பில்லை என்பார்கள் சிலர். வருடம் முழுக்க அந்த வீட்டிலிருந்து மற்றவர்களுக்குப் போன வாழ்த்தெல்லாம் அவள் எடுத்துக்கொடுத்துப் போனவைதானே, அவற்றுக்கு மதிப்பில்லையா? மதியத்துக்குள் சொல்லிவிட்டால் மகள் வரும் வழியில் பூவும் அரைக்கிலோ இனிப்பும் வாங்கி வர நேரம் இருக்கும்.

தெரிந்தும் வேண்டுமென்றே வாழ்த்தாத வீடுகளும் உண்டு. அங்கே இந்தப் போன் உதவாது, குறுஞ்செய்தியும் போதாது. அன்று நேரில் போய்விடுங்கள்.