சாமைச்சோறு கட்டினால் மட்டும் உடம்பு குறையாது

நம் இயற்கை அங்காடிகளுக்குச் சாமை, தினை வாங்க வருகிறவர்களில் பலர் அலுவலகம் போகிறவர்கள். "மதியத்துக்கு இதக் கட்டிக்கிட்டுப் போனா உடம்பு குறையுமா?" என்று கேட்கிறார்கள். நாமும் "குறையும்ங்க" என்று சொல்லி எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அப்படிச் சொல்லி விற்பது சரியில்லை என்பது என் கருத்து.

100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. சாமையிலும் தினையிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. ஆனாலும் டப்பா முழுக்கச் சாமைச்சோற்றை அமுக்கி, ஓரத்தில் ஒரு கரண்டி வெஞ்சனம் வைத்தால், அரிசிச்சோறு கட்டியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தானியத்தை மாற்றினால் போதாது, டப்பாவுக்குள் இருக்கும் பங்கை மாற்ற வேண்டும்.

கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனிக்கு வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குக் கட்டுவது, மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுவது. வழக்கமான கட்டு எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். அரிசி 125 கிராம் என்றால் 440 கலோரி. தாளிப்பு எண்ணெய் 30 மில்லிக்கு ஏறக்குறைய 250. வறுவலையும் சேர்த்தால் 850-ஐத் தாண்டிவிடும். இதைச் சாப்பிட்டும் நாலு மணிக்கு வடை தேடுகிறார்கள்.

இப்போது பங்கை மாற்றுவோம். சாமை 40 கிராம், காய்ந்த மொச்சை அல்லது தட்டைப்பயறு 40 கிராம், பீன்ஸோ கோஸோ புடலையோ 150 கிராம், மொத்தத்துக்கும் எண்ணெய் 10 மில்லி. கூட்டிப் பார்த்தால் 400 கலோரியை ஒட்டித்தான் வரும். வெந்தபின் டப்பா நிறைந்துவிடும், ஏனென்றால் காயும் பயறும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. பயறில் புரதம் அரிசியைப் போல மூன்று மடங்கு. வயிறு தாங்குவது அதனால்தான். கூட ஒரு பாட்டில் நீர்மோர் இருந்தால் இன்னும் நல்லது.

"எண்ணெய் கொறச்சா மதியத்துக்குள்ள ஊசிப்போகுமே" என்று வீட்டில் சொல்வார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு தாங்குவதில் பெரும்பங்கு புளிப்புக்கும் உப்புக்கும்தான். எண்ணெய் ருசிக்கும் சோறு உதிர்ந்து நிற்பதற்கும். ஊசிப்போக முதல் காரணம், ஆவி பறக்கச் சோற்றைப் போட்டு மூடியை இறுக்குவது. ஆவி மூடியில் வியர்த்துத் திரும்பச் சோற்றில் சொட்டும். பஸ்ஸுக்குள் அந்த வெதுவெதுப்பு மணிக்கணக்கில் நிற்கும். கிருமிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே மொச்சையை இரவே ஊறப்போட்டு, காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் வேகவையுங்கள். விரலில் நசுக்கினால் மசிய வேண்டும். சாமையை ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் வைத்து வடித்ததுபோல் இல்லாமல் கொஞ்சம் குழைவாகவே இறக்குங்கள், சிறுதானியச் சோறு ஆறினால் இறுகி விக்கும். காயைத் தண்ணீர் வற்றும்வரை வதக்குங்கள். மூன்றையும் அகலத் தட்டில் பரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு எலுமிச்சை பிழிந்து கிளறி, ஈரமில்லாத டப்பாவில் கட்டுங்கள். சுண்டலுக்குத் தேங்காய்த் துருவலும் பச்சை வெங்காயமும் வேண்டாம், முதலில் கெடுவது அவைதான். வெள்ளரிக்காயை முழுசாகக் கொண்டுபோய் அங்கே நறுக்குங்கள்.

டப்பாவைத் திறந்ததும் பயறில் நுரை தெரிந்தாலோ, கரண்டியில் எடுக்கும்போது நூல் விட்டாலோ, சந்தேகமே வேண்டாம், கொட்டிவிடுங்கள். அலுவலகத்தில் சூடாக்கும் பெட்டி இருக்கிறதே என்று சமாளிக்காதீர்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது, வாடையும் காட்டாது. முந்தின நாள் மிச்சச்சோற்றை இந்தக் கட்டில் கலக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

இந்த அளவு நாற்காலி வேலைக்கு மட்டும். வயலில் இறங்குகிறவருக்கு இது பத்தாது. சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தானியத்தைக் குறைக்கக் கூடாது, கிறுகிறுப்பு வந்துவிடும்.

விற்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பளபளவென்று வெள்ளையாகத் தீட்டிய சாமையில் நார்ச்சத்து பெரும்பாலும் தவிட்டோடு போய்விடுகிறது. குறைவாகத் தீட்டியதைக் கொடுத்தால் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். அதனால் தீட்டிய தேதியைப் பையில் எழுதி, சிறு பொட்டலமாகப் போட்டு, "கூடவே ஒரு கிலோ மொச்சையும் வாங்கிக்கங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.